போன் வீடியோவில் பிரேம் எண்ணிக் குதிக்கும் உயரம் காண்பது: 35, 39, 44 எங்கிருந்து வருகின்றன?

"பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். வாலிபால் அணிப் பெண்கள் நின்ற இடத்திலிருந்து குதிக்கும் உயரத்தை, போனில் பக்கவாட்டில் வீடியோ எடுத்து பிரேம் எண்ணிக் கணக்கிடுகிறேன். ஒரே பெண் அடுத்தடுத்து மூன்று முறை குதித்தால் 35, 39, 44 செ.மீ. என்று வருகிறது. சுவரில் சாக்பீஸ் தடவிய விரலால் தொட வைத்து அளந்தால் மூன்று முறையும் 50ஐ ஒட்டித்தான் வருகிறது. எதை நம்புவது? வீடியோவில் என்ன தவறு செய்கிறேன்?"

உங்கள் மூன்று எண்களைப் பார்த்ததுமே போன் எந்த வேகத்தில் எடுத்தது என்று சொல்லிவிடலாம். வினாடிக்கு 30 பிரேம். நீங்கள் எண்ணியது 16, 17, 18 பிரேம்களாகத்தான் இருக்கும். ஏனென்றால் 30 பிரேம் வீடியோவில் 16 பிரேம் என்றால் 34.9 செ.மீ., 17 என்றால் 39.4, 18 என்றால் 44.1. இவற்றுக்கு இடைப்பட்ட எண் எதுவுமே உங்களுக்கு வராது. அந்தப் பெண் உண்மையில் 37 செ.மீ. குதித்தாலும் உங்கள் கணக்கு 35 என்றோ 39 என்றோதான் சொல்லும். நாலரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு மட்டும் போட்ட ஸ்கேலை வைத்து அளப்பது போலத்தான் இது.

கணக்கு எப்படி வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பாதம் தரையை விட்ட பிறகு உடலின் மேல் வேலை செய்வது புவியீர்ப்பு மட்டும்தான். அதனால் மேலே போக எடுத்த நேரமும் கீழே வர எடுத்த நேரமும் சமம், ஆனால் கிளம்பிய அதே நிலையில் தரையைத் தொட்டால் மட்டும் (இந்த நிபந்தனைக்குத் திரும்ப வருகிறேன், பெரிய தப்பு அங்கேதான் நடக்கிறது). காற்றில் இருந்த மொத்த நேரம் t என்றால் உச்சியிலிருந்து விழுந்த நேரம் அதில் பாதி. அந்தப் பாதி நேரத்தில் ஒரு பொருள் எவ்வளவு தூரம் விழுமோ அதுதான் குதித்த உயரம்:

```
h = g × t² ÷ 8 = 1.226 × t²
(g = 9.81, t வினாடியில், h மீட்டரில்)
```

உடல் எடை, ஆள் உயரம், கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எதுவும் இதில் இல்லை. இந்த முறையின் பெரிய வசதியே அதுதான். வீடியோவில் சென்டிமீட்டர் அளக்க வேண்டியதில்லை, நேரம் மட்டும் போதும். காற்றில் இருந்த நேரத்தை, கால் விடுவதையும் தொடுவதையும் உணரும் மின்பாயை வைத்து அளந்து உயரம் காணும் முறையை 1983இல் கார்மெலோ போஸ்கோ பரவலாக்கினார், அதற்குப் பின்னால் இருப்பதும் இதே சூத்திரம்தான். 2015இல் கார்லோஸ் பால்சலோப்ரே-பெர்னாண்டெஸ் குழுவினர் ஐபோன் 5எஸ்-இல் வினாடிக்கு 120 பிரேம் எடுத்து, அதைக் கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டின் அளவோடு ஒப்பிட்டு, இரண்டும் மிக நெருக்கமாக ஒத்துப்போவதைக் காட்டினார்கள். ஆக முறையில் குறை இல்லை, உங்கள் பிரேம் வேகம்தான் போதவில்லை.

அந்தக் குறை எவ்வளவு பெரியது? t வர்க்கமாக வருவதால் நேரத்தில் சிறு பிழையும் உயரத்தில் பெரிதாகத் தெரியும். அரை வினாடிக்குச் சற்று மேல் காற்றில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பிரேம் மாறினால், 30 பிரேம் வீடியோவில் சுமார் 4.5 செ.மீ. மாறும், 60இல் 2.2, 120இல் 1.1, 240இல் அரை சென்டிமீட்டரை ஒட்டி. இன்னொன்றும் இருக்கிறது. பாதம் எழுவதும் இறங்குவதும் இரண்டு பிரேம்களுக்கு இடையில் எங்கோ நடக்கிறது. அதனால் நீங்கள் 16 என்று எண்ணும்போது உண்மையான நேரம் 15 பிரேமுக்கும் 17 பிரேமுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம், அதாவது 31 முதல் 39 செ.மீ. வரை. 18 என்று எண்ணினால் 39 முதல் 49 வரை. இப்போது உங்கள் 35, 39, 44ஐத் திரும்பப் பாருங்கள். மூன்று முறையும் அந்தப் பெண் 39ஐ ஒட்டியே குதித்திருந்தாலும் இந்த மூன்று எண்களும் வரலாம். அவர் குதிப்பு சீராக இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

பழைய 30 பிரேம் வீடியோக்களைத் தூக்கிப் போட வேண்டாம். எழும் நேரமும் இறங்கும் நேரமும் பிரேமில் எங்கே விழுகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஐந்தாறு குதிப்புகளின் சராசரி எடுத்தால் அந்தப் பிழை பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் இரண்டு மாதப் பயிற்சியில் இரண்டு சென்டிமீட்டர் கூடியதா என்று கேட்டால், 30 பிரேமை வைத்து நான் பதில் சொல்ல மாட்டேன்.

சரி, ஸ்லோமோஷனுக்கு மாறுங்கள். 240 பிரேம் இருந்தால் அது, இல்லையென்றால் 120. போனை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த விஷயம், இதில் எல்லாரும் செய்வது இடுப்பு உயரத்தில் கையில் பிடித்துக்கொண்டு எடுப்பது. அப்படி எடுத்தால் கேமரா பாதத்தைக் கொஞ்சம் மேலிருந்து பார்க்கிறது, ஷூவுக்கும் தரைக்கும் இடையே வரும் சின்ன இடைவெளி அதில் தெரியாது. கால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழுந்த பிறகுதான் "கிளம்பிவிட்டது" என்று உங்களுக்குத் தோன்றும், இறங்கும்போதோ தொடுவதற்கு முன்பே தொட்டது போல் இருக்கும். இரண்டும் சேர்ந்து உயரத்தைக் குறைத்துக் காட்டும். போனைத் தரையிலேயே வையுங்கள், லென்ஸ் ஷூவின் அடிப்பாகத்துக்குச் சமமாக இருக்கட்டும், இரண்டு மீட்டர் தள்ளி. செங்கல்லில் சாய்த்து வைத்தாலே போதும். போனைத் தலைகீழாக்கி, லென்ஸ் இருக்கும் முனை தரையில் படும்படி நிறுத்தினால் இன்னும் நல்லது, வீடியோ தலைகீழாக வந்தாலும் எண்ணுவதற்கு அதனால் ஒன்றும் குறையாது. முழு ஆளும் தெரிய வேண்டும் என்று பின்னால் தள்ளிப் போகாதீர்கள். பாதம், முழங்கால், இடுப்பு தெரிந்தால் போதும்.

நேர்ப் பக்கவாட்டில் ஒரு சிக்கல், அருகில் இருக்கும் கால் தூரத்துக் காலை மறைத்துவிடும். பலருக்கு இரண்டு கால்களும் ஒரே கணத்தில் இறங்குவதில்லை, மறைந்திருக்கும் கால் முதலில் தொட்டால் நீங்கள் அதைத் தவறவிடுவீர்கள். கேமராவைச் சற்றே முன்பக்கமாக நகர்த்துங்கள், இரண்டு ஷூ முனைகளும் தனித்தனியாகத் தெரியும் அளவுக்கு. நேரத்தைத்தான் அளக்கிறோம் என்பதால் இந்தச் சாய்வு கணக்கைக் கெடுக்காது.

மைதானத்தில் புல்லும் புழுதி மண்ணும் வேண்டாம், சிமென்ட் தரை நல்லது. வெளிர் நிறத் தரையில் கருப்பு ஷூ, அல்லது நேர்மாறாக. பகல் வெளிச்சத்திலேயே எடுங்கள், இது வெறும் அழகுக்காகச் சொல்வதில்லை. 37 செ.மீ. குதிப்பவரின் பாதம் தரையை விடும்போது உடல் வினாடிக்கு 2.7 மீட்டர் வேகத்தில் போகிறது. மங்கலான அறையில் போன் ஒவ்வொரு பிரேமுக்கும் அறுபதில் ஒரு பங்கு வினாடி ஒளியை வாங்கிக்கொண்டால், அந்த நேரத்தில் ஷூ நாலரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும், படத்தில் இழுவையாகத்தான் தெரியும். எந்த பிரேமில் எழுந்தது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. போதாததற்குப் பல போன்கள் வெளிச்சம் குறைந்தால் பிரேம் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். உள்ளரங்கில் எடுத்தால் சில விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குவது 240 பிரேமில் இருண்டு வெளுத்துத் தெரியும், எண்ணுவது எரிச்சலான வேலையாகிவிடும்.

இப்போது எண்ணுவதற்கு வருவோம். கணினியில் கினோவியா என்ற இலவச மென்பொருள் இதற்கு வசதியானது, முன்னும் பின்னும் ஒவ்வொரு பிரேமாக நகரலாம். விஎல்சி-யில் E விசையை அழுத்தினால் ஒரு பிரேம் முன்னால் போகும், பின்னால் வர முடியாது, அதனால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எந்த இரண்டு பிரேம்களை எடுப்பது என்பதை ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் பிரேம் என்பது இரண்டு கால்களும் தரையை விட்டுவிட்டதாகத் தெரியும் முதல் பிரேம். இறங்கும் பிரேம் என்பது ஏதாவது ஒரு கால் தரையைத் தொட்டதாகத் தெரியும் முதல் பிரேம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டுமே நிகழ்வு நடந்து முடிந்த பிறகு வரும் முதல் பிரேம் என்பதால், இரண்டிலும் சராசரியாக ஒரே அளவு தாமதம் இருக்கும், கழிக்கும்போது அது போய்விடும். சிலர் தரையில் இருக்கும் கடைசி பிரேமிலிருந்து தரையைத் தொட்ட முதல் பிரேம் வரை எண்ணுகிறார்கள், எப்போதும் ஒரு பிரேம் கூடுதலாக வரும். காற்றில் இருக்கும் கடைசி பிரேமோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு ஒரு பிரேம் குறையும். 30 பிரேம் வீடியோவில் இந்த இரண்டு பழக்கங்களுக்கும் இடையே 9 செ.மீ. வித்தியாசம்! நீங்கள் ஒரு வாரம் ஒரு மாதிரியும் மறு வாரம் இன்னொரு மாதிரியும் எண்ணியிருந்தால், அந்தப் பெண் "முன்னேறியது" உங்கள் எண்ணிக்கையில் மட்டும்தான்.

ஒரு குதிப்பை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 240 பிரேம் வீடியோ. 411ஆம் பிரேமில் ஷூ முனை தரையில் ஒட்டியிருக்கிறது, 412இல் அடியில் மெல்லிய வெளிச்சக் கோடு தெரிகிறது. 543இல் கால் இன்னும் காற்றில், 544இல் ஷூ முனை அதன் நிழலைத் தொட்டுவிட்டது. 544 − 412 = 132. 132 ÷ 240 = 0.550 வினாடி. வர்க்கம் 0.3025, அதை 1.226ஆல் பெருக்க 0.371 மீட்டர், 37.1 செ.மீ. ஒரு பிரேம் கூட எண்ணியிருந்தால் 37.7, குறைத்து எண்ணியிருந்தால் 36.5. குறிப்பேட்டில் 37 என்று எழுதலாம், அதற்குமேல் தசமம் எழுதுவதில் அர்த்தமில்லை.

இதுவரை சொன்னதைச் சரியாகச் செய்த பிறகும் ஒரு பிழை மிச்சம் இருக்கும். அது 240 பிரேமாலும் போகாது. கிளம்பும்போது கால் முழுக்க நீண்டிருக்கும், கணுக்கால் நீண்டு முன்பாத நுனியில் நிற்கும். இறங்கும்போது முழங்காலை மடித்தபடியோ முழுப் பாதத்தையும் பதித்தோ இறங்கினால், உடல் கிளம்பியதைவிடத் தாழ்ந்த நிலையில்தான் கால் தரையைத் தொடுகிறது. அந்தக் கூடுதல் தூரம் விழுவதற்கு எடுக்கும் நேரமும் "காற்றில் இருந்த நேரம்" என்று கணக்கில் சேர்ந்துவிடும். உண்மையில் 37 செ.மீ. குதித்தவர் 5 செ.மீ. தாழ்ந்து இறங்கினால் சூத்திரம் 39.5 என்று சொல்லும், 10 செ.மீ. தாழ்ந்தால் 42க்கு அருகில். தாழ்ந்ததில் ஏறத்தாழ பாதி உயரத்தில் ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இதை வேண்டுமென்று செய்வதில்லை, கொஞ்சம் அதிக நேரம் மேலே இருக்க வேண்டும் என்ற ஆசையில் காலைத் தூக்கிக்கொள்வது இயல்பாகவே வரும்.

பக்கவாட்டில் எடுப்பதன் பலன் இங்கேதான். முன்னாலிருந்து எடுத்தால் முழங்கால் மடிப்பு சரியாகத் தெரியாது, பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். இடுப்பின் பக்கவாட்டு எலும்பு மேட்டில் ஒரு வெள்ளை பிளாஸ்திரித் துண்டு ஒட்டுங்கள். கிளம்பும் பிரேமையும் இறங்கும் பிரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்தத் துண்டு திரையில் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் என்றால் விட்டுவிடலாம். நன்றாகத் தாழ்ந்திருந்தால் அந்தக் குதிப்பை நீக்கிவிட்டு மறுபடி குதிக்கச் சொல்வேன். முடியாத பட்சத்தில், குதிப்பவரின் தூரத்திலேயே ஒரு மீட்டர் ஸ்கேலை நிறுத்தி வீடியோ எடுத்து, தாழ்ந்த அளவைத் தோராயமாகக் கண்டு, அதில் பாதியைக் கழிக்கலாம். பெண்களிடம் சொல்ல வேண்டியது ஒன்றே: காலை நேராக வைத்து முன்பாதத்தில் இறங்கு, தொட்ட பிறகு மடக்கு. தொட்ட பிறகு மடக்குவதைச் சொல்லாமல் விடாதீர்கள், விறைத்த காலோடு இறங்கினால் முழங்காலுக்கு நல்லதல்ல.

இறங்கும் பிரேமே வேண்டாம், கிளம்பியதிலிருந்து உச்சி வரை மட்டும் எண்ணலாமே என்று தோன்றும். கேட்க நன்றாக இருக்கிறது, செய்ய முடியாது. உச்சிக்கு அருகில் உடல் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், உச்சிக்கு முன்னும் பின்னும் 0.05 வினாடிக்குள் ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் நகரும். 240 பிரேமில் அந்த இடைவெளியில் 24 பிரேம்கள் இருக்கின்றன, எது உச்சி என்று கண்ணால் பிரிக்க வழியில்லை.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கையை வீசிக் குதித்தால் உயரம் கூடும், அதோடு கிளம்பும்போது கை மேலேயும் இறங்கும்போது கீழேயும் இருந்தால் உடலின் எடை மையமே இடம் மாறிவிடும். மாதாமாதம் ஒப்பிடுவதற்கு, கைகளை இடுப்பில் வைத்துக் குதிக்கச் சொல்வதுதான் நல்லது.

அப்புறம் கோப்பு விஷயம், இதில் ஏமாறுபவர்கள் அதிகம். ஸ்லோமோஷன் வீடியோவைப் பல போன்கள் 30 பிரேமாக ஓடும்படி சேமிக்கும். பிளேயர் காட்டும் நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் 0.55 வினாடி 4.4 வினாடியாகி, உயரம் 24 மீட்டரை எட்டும். இது தப்பு என்று உடனே தெரிந்துவிடும். தெரியாமல் நடப்பது வேறு. முதலிலும் கடைசியிலும் சாதாரண வேகம், நடுவில் மட்டும் ஸ்லோ என்று போன் வெட்டிக் கொடுத்திருந்தால், குதிப்பின் ஒரு பகுதியில் பிரேம்கள் விடுபட்டிருக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்பட்டுவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள் அல்லது கேபிளில் மாற்றுங்கள். விலை குறைந்த சில போன்களில் அதிக வேகம் என்பது இடைப் பிரேம்களைக் கற்பனையாக நிரப்பியது. ஒவ்வொரு பிரேமாக நகர்த்தும்போது ஒரே படம் இரண்டு முறை வந்தாலோ, ஷூவுக்குப் பக்கத்தில் ஆவி போல இன்னொரு ஷூ மங்கலாகத் தெரிந்தாலோ சந்தேகப்படுங்கள்.

சோதிக்க எளிய வழி, இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதை ஸ்லோமோஷனில் எடுப்பது. அதில் 2 வினாடியிலிருந்து 7 வினாடி வரை எத்தனை பிரேம் என்று பாருங்கள், உண்மையான 240 என்றால் 1200ஐ ஒட்டி வர வேண்டும். 600 வந்தால் உங்கள் போன் தருவது 120, அதை வைத்துக் கணக்கிடுங்கள். கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச வீடியோ மென்பொருள் இருந்தால் ஒவ்வொரு பிரேமின் நேரத்தையும் வரிசையாகப் பார்க்கலாம்:

```
ffprobe -v error -select_streams v:0 -show_entries frame=best_effort_timestamp_time -of csv=p=0 jump.mp4
```

அடுத்தடுத்த நேரங்களின் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் பிரேம் எண்ணுவது போதும். ஒரு இடத்தில் 0.033, இன்னொரு இடத்தில் 0.042 என்று மாறிக்கொண்டிருந்தால் போன் வேகத்தை மாற்றியிருக்கிறது. சாதாரண வேகத்தில் ஓடும் கோப்பில் அப்படி இருந்தால், எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த இரண்டு பிரேம்களின் நேரங்களை நேரடியாகக் கழித்து t எடுங்கள்.

கடைசியாகச் சுவர். 50ஐ ஒட்டி வருவது தவறான எண் இல்லை, அது அளப்பது வேறு உயரம். சுவரில் தொடும் சோதனை, முழுப் பாதமும் பதித்து நிற்கும்போது எட்டும் உயரத்திலிருந்து தொடங்குகிறது. காற்றில் இருந்த நேரமோ பாதம் தரையை விட்ட கணத்திலிருந்துதான் தொடங்குகிறது, அதற்குள் குதிகால் ஏற்கெனவே எழுந்து உடல் பத்து சென்டிமீட்டரை ஒட்டி உயர்ந்துவிட்டது. அந்தப் பத்து சுவர்க் கணக்கில் இருக்கிறது, வீடியோ கணக்கில் இல்லை. சுவரைத் தொடும்போது கை வீச்சும் சேரும், உச்சியில் ஒரு தோளை மட்டும் தூக்கி எட்டுவதும் சேரும். ஆக வீடியோவில் 37 முதல் 40, சுவரில் 50 என்பது ஒரே பெண்ணுக்கு முற்றிலும் பொருந்தும் ஜோடி. வலைக்கு மேல் எவ்வளவு எட்டுவார் என்று தெரிய வேண்டுமானால் சுவர் எண்ணை எடுங்கள், கால் பலம் கூடுகிறதா என்று பார்க்க வீடியோ எண்ணை எடுங்கள், ஒன்றை மற்றதோடு கலக்காமல் தனித்தனிப் பத்தியில் எழுதி வையுங்கள். ஒருவருக்கு மட்டும் இரண்டுக்கும் இடையே 20 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால், முதலில் அவர் நின்றபடி எட்டும் உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். அங்கே கையை முழுக்க நீட்டாமல் விட்டிருப்பார்.